பத்துக்குப் பன்னிரண்டு அறை: ஒரு படக்காரரின் குறிப்புகள்

திருப்பதி, கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. மூன்று மாடி லாட்ஜ். முதல் மாடியில் ஓர் அறையை டேப் வைத்து அளந்தேன். அகலம் 10 அடி, நீளம் 12 அடி, உயரம் ஒன்பதரை. 5 அடிக்கு ஆறரை அடி கட்டில், அதன் தலைமாடு பின்சுவரை ஒட்டி நடுவில். இரண்டு பக்கமும் இரண்டரை அடி விட்டிருக்கிறார்கள். கதவு 3 அடி அகலம், கட்டிலுக்கு நேர் எதிரே சுவரின் நடுவில் இருக்கிறது. ஜன்னல் வலப்பக்கச் சுவரில். தரையில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ்.

மேனேஜர் சித்தூர்க்காரர். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். "அண்ணா, ரூம் கொஞ்சம் பெருசா தெரியணும். ஆனா வந்து பாத்துட்டு சண்டை போடக் கூடாது." இந்த இரண்டு வாக்கியத்துக்குள் முழு வேலையும் அடங்கிவிடுகிறது.

---

அவரிடம் ஏற்கெனவே படங்கள் இருந்தன. யாரோ போனில் 0.5 லென்ஸை வைத்து, அறை மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுத்தவை. கட்டில் லாரி போல நீண்டிருக்கிறது. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி அலமாரியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. சுவர்கள் வெளிப்பக்கம் சாய்கின்றன. இடது ஓரத்துத் தலையணை இழுத்த மாவு போல் கிடக்கிறது. கும்பகோணத்திலிருந்தோ வேலூரிலிருந்தோ குடும்பத்தோடு வருகிறவர் இதை நம்பி, ஐந்து பேருக்கு ஓர் அறை போதும் என்று பணம் கட்டுகிறார். வந்து கதவைத் திறந்ததும் வாசலிலேயே சண்டை.

இந்த மாதிரிப் படங்களில் வருபவை நான்கு தனித்தனிக் குறைகள். எல்லாவற்றையும் 'வைட் லென்ஸ் கோளாறு' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதால்தான் எதுவும் சரியாவதில்லை. சுவர் வளைவது லென்ஸின் வேலை. சுவர் சாய்வது கேமராவைக் குனிந்தோ நிமிர்ந்தோ பிடித்ததால். ஓரத்தில் பொருள் இழுபடுவது விரிந்த கோணத்தைத் தட்டையான படத்தில் வைப்பதால். முன்னால் இருப்பது பூதமாவது நிற்கும் இடத்தால். முதல் இரண்டையும் கணினியில் திருத்தலாம். மூன்றாவதைக் கொஞ்சம் தணிக்கலாம். நான்காவதை எந்த மென்பொருளும் தொட முடியாது.

---

வளைவு. இதை முதலில் முடித்துவிடுகிறேன், எளிது.

நேர்கோடு படத்தின் ஓரத்தில் வில் போல் வெளியே பிதுங்கினால் அது லென்ஸின் வளைவு. சோதிக்க நல்ல இடம் சித்தூரில் கிடைத்தது, நண்பர் ஒருவரின் பழைய வீடு. மேலே தேக்கு உத்தரங்களும் குறுக்குச் சட்டங்களும் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சட்டங்கள் வரிசையாக நேராக ஓடுகின்றன. அவற்றைப் படத்தின் மேல் விளிம்பை ஒட்டி வருமாறு வைத்து ஒரு படம் எடுத்து, திரையில் ஓர் அடிக்கோலை வைத்துப் பார்த்தால் லென்ஸின் குணம் தெரிந்துவிடும். நடுவில் வெளியே பிதுங்கி, ஓரங்களுக்குப் போகும்போது மறுபடி உள்ளே திரும்பினால் அது அலை போன்ற வளைவு. அதற்கு வளைவைக் கூட்டிக் குறைக்கும் ஒற்றை ஸ்லைடர் உதவாது. நடுவை நேராக்கினால் மூலை கெடும். அந்த லென்ஸுக்கென்றே அளந்து தயாரித்த தரவு வேண்டும். லைட்ரூமில் Enable Profile Corrections என்ற பெட்டியை டிக் செய்தால் இந்த வேலை தானாக நடந்துவிடும்.

போனில் 0.5 லென்ஸை அழுத்தினால் இந்தத் திருத்தம் பெரும்பாலும் உள்ளேயே நடந்துவிடுகிறது. ஆனால் அதே போனில் ரா கோப்பாக எடுத்தால் சுவர் வளைந்து தெரியலாம். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். திருத்தம் இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். போனில் பனோரமா முறையில் அறையை வாங்குகிறவர்கள் உண்டு. அது உருளையில் ஒட்டியது போன்ற படம். கேமரா நடுவில் நின்று திரும்புவதால் பின்சுவரே வயிறு பிதுங்கி வரும். வேண்டாம்.

---

சாய்வு. மட்டம் பிடித்தால் போதும். லென்ஸ் அச்சு தரைக்கு இணையாக இருந்தால் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். கீழ்நோக்கிக் குனிந்தால் சுவர்கள் கீழே குவியும், மேலே பார்த்தால் மேலே குவியும். டிரைபாட் தலையில் உள்ள ரசமட்டம் போதுமானது. போனில் கட்டக் கோடுகளைப் போட்டு, கதவு நிலையை ஒரு கோட்டோடு பொருத்திப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய லாட்ஜ்களில் சுவர்களே தூக்குக்குண்டுக்கு நிற்பதில்லை. பூச்சு மேலே ஒரு விரல் உள்ளே வந்திருக்கும். கணினியில் நேராக்கும்போது சுவரை அளவுகோலாகப் பிடித்தால் அறை முழுவதும் சாயும். மர நிலையை, அதாவது கதவு அல்லது ஜன்னல் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

எடுக்கும்போதே மட்டம் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குனிந்து எடுத்த படத்தைப் பிறகு நேராக்கினால் மென்பொருள் ஒரு பக்கத்தை விரிக்கும். ஏற்கெனவே இழுபட்ட ஓரம் இன்னும் இழுபடும். சாய்வு போகும், மூலை கெடும்.

---

இப்போது இழுபடுதல். இதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விலை அதிகமான லென்ஸ் வாங்கினால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸிலும் இது உண்டு. குறையே இல்லாத லென்ஸில் கணக்குப்படி துல்லியமாக இருக்கும்.

காரணம் இதுதான். நடுவிலிருந்து θ கோணம் விலகிய ஒரு பொருள், படத்தில் `r = f × tan θ` தூரத்தில் விழுகிறது. கோணம் கூடக்கூட tan மிக வேகமாக ஏறும். அதனால் ஓரத்தில் இருக்கும் ஓர் உருண்டை வட்டமாக விழாமல், நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கம் நீண்ட முட்டையாக விழுகிறது. அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 1/cos θ. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மிமீ லென்ஸ் போட்டால், இடவல விளிம்பில் கோணம் 37 டிகிரி. விகிதம் 1.25. ஒரு செம்பு கால் பங்கு நீண்டு தெரியும். 16 மிமீயில் விளிம்பு 48 டிகிரிக்குப் போய்விடுகிறது, விகிதம் 1.5. போனின் 0.5 லென்ஸ் ஏறத்தாழ 13 மிமீக்குச் சமம், அங்கே 1.7.

உருண்டைக்குத்தான் இது. தட்டையான பொருள் கேமராவுக்கு இணையாக நின்றால் இழுபடுவதே இல்லை! பின்சுவரில் மாட்டிய வட்டக் கடிகாரம் படத்தின் ஓரத்துக்கே போனாலும் வட்டமாகத்தான் இருக்கும். வேங்கடாசலபதி படத்தின் சட்டம் செவ்வகமாகவே நிற்கும். கெடுபவை கன உருவங்கள்: தலையணை, மண்பானை, கட்டிலின் மூலை, நாற்காலி, மனிதத் தலை. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. படத்தின் ஓரங்களைச் சுவர், அலமாரிக் கதவு, திரைச்சீலை போன்ற தட்டையானவற்றுக்கு விட்டுவிட வேண்டும். கன உருவங்கள் எல்லாம் நடுவில் வரவேண்டும்.

ஓவியர்கள் இதை ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வாடிகனில் ரஃபேல் 1509-க்கும் 1511-க்கும் இடையில் வரைந்த 'ஏதென்ஸ் கல்விக்கூடம்' சுவரோவியத்தில் கட்டடம் முழுவதும் கண்டிப்பான பெர்ஸ்பெக்டிவ் கணக்கில் ஓடுகிறது. ஆனால் வலது ஓரத்தில் இருவர் கையில் வைத்திருக்கும் கோளங்களை அவர் கணக்குப்படி முட்டையாக வரையவில்லை, வட்டமாகவே வரைந்தார். மனிதர்களையும் அப்படியே. கட்டடத்துக்கு ஒரு கணக்கு, உருண்டைக்கு இன்னொரு கணக்கு. கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓரம் இழுபட்ட படம் 'பொய்' அல்ல. 24 மிமீயில் எடுத்ததை 3 அடி அகலத்துக்கு அச்சடித்து, 2 அடி தூரத்தில் ஒற்றைக் கண்ணால் நடுவில் நின்று பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஓரத்துச் செம்பு சரிவாகக் கண்ணில் விழுந்து மறுபடி வட்டமாகிவிடும். ஆனால் நம் யாத்திரிகர் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு போன் திரையில் பார்க்கிறார். படம் அங்கே 7 செமீ அகலம். சரியாகத் தெரிய வேண்டுமானால் 5 செமீக்கும் குறைவான தூரத்தில் கண்ணை வைக்க வேண்டும். யார் வைப்பார்கள்? ஆகவே சிறு திரைக்கென்று எடுக்கும் படத்தில் கோணத்தை அடக்கியே தீர வேண்டும்.

---

முன்னால் இருக்கும் பொருள் பெரிதாவது. லென்ஸை மாற்றினால் இது மாறாது. தூரத்தின் விகிதம் மட்டுமே காரணம். ஒரே மாதிரி இரண்டு நாற்காலி, ஒன்று 2 அடியில், இன்னொன்று 10 அடியில் இருந்தால் முன்னது ஐந்து மடங்கு. எந்த லென்ஸிலும் ஐந்து மடங்குதான். வைட் லென்ஸின் தப்பு, 2 அடியில் இருக்கும் நாற்காலியைச் சட்டத்துக்குள் நுழைய விட்டது மட்டும்.

ஆகவே பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் எங்கே பின்னால் போவது? வராண்டாவுக்கு.

24 மிமீ லென்ஸின் அகலக் கணக்கு சுலபம். தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் தெரியும் (36-ஐ 24-ஆல் வகுத்தது). கதவு 3 அடி. 2 அடி தூரத்தில் நின்றால் 3 அடி தெரியும். ஆக, உள்சுவர் மட்டத்திலிருந்து 2 அடி பின்னால், கதவின் மையத்தில் லென்ஸை வைத்தால் இரண்டு நிலைக்காலும் சரியாகச் சட்டத்துக்கு வெளியே நழுவிவிடும். சுவர்க் கனம் 9 அங்குலம் போக, வராண்டாவில் 15 அங்குலம்தான் தேவை. டிரைபாடின் ஒரு கால் வாசல்படியிலும் இரண்டு கால் வராண்டாவிலும் நின்றன. எனக்கு நிற்க இடம் இல்லை, பக்கத்தில் சுவரை ஒட்டி நின்று டைமரில் அழுத்தினேன்.

இப்போது பின்சுவர் 14 அடி தூரத்தில். கட்டிலின் கால்மாடு ஏழரை அடியில். கால்மாட்டின் அகலம் தலைமாட்டைவிட 1.87 மடங்காகத் தெரியும். 2 அடியும் பின்னால் போகாமல் வாசல் விளிம்பிலேயே 16 மிமீ போட்டு எடுத்திருந்தால் அது 2.2 மடங்கு. எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம். படத்தில் பார்த்தால் ஒன்று கட்டில், மற்றொன்று ஓடுதளம்.

கட்டிலின் மூலைகள் நடுக்கோட்டிலிருந்து 18 டிகிரிதான் விலகுகின்றன. அங்கே இழுபடுதல் 1.05. கண்ணுக்கே தெரியாது. சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் வருவது பக்கச் சுவர் மட்டுமே. தட்டை.

கதவுப் பலகை ஒரு தொந்தரவு. அது உள்பக்கம் திறக்கிறது. 90 டிகிரியில் நிறுத்தினால் லென்ஸுக்கு எதிரே பெரிய மரப்பலகையாக வந்து ஒரு பக்கத்தை மூடிவிடும். முழுக்கத் திறந்து முன்சுவரோடு ஒட்டவைக்க வேண்டும். இந்த அறையில் சுவிட்சுப் பெட்டி இடித்தது. லாட்ஜ் தச்சர் வந்து கீல் ஆணியைத் தட்டி எடுத்து, கதவையே கழற்றி வராண்டாவில் சாய்த்து வைத்தார். ஐந்து நிமிஷ வேலை. இதற்குச் சமமான மென்பொருள் கிடையாது.

---

உயரம். எல்லோரும் நின்றபடி கண்ணுக்கு நேராக எடுக்கிறார்கள், ஐந்தடி உயரத்தில். அப்போது கட்டில் தெரிய வேண்டுமென்று குனிய வேண்டியிருக்கிறது, சுவர் சாய்கிறது. சிலர் மார்பு உயரம் என்பார்கள். இந்த அறைக்கு அதுவும் அதிகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 மிமீயில் உயரவாக்கில் எவ்வளவு தூரமோ அவ்வளவு உயரம் தெரியும். பாதி மேலே, பாதி கீழே. கேமரா 4 அடியில் இருந்தால் தரை 8 அடி தூரத்திலிருந்துதான் சட்டத்துக்குள் வரும். கட்டிலின் கால் ஏழரை அடியில் இருக்கிறது. ஆக, கட்டில் கால்கள் வெட்டுப்பட்டு அந்தரத்தில் மிதக்கும். மூன்றரை அடிக்கு இறக்கினால் தரை 7 அடியிலேயே ஆரம்பிக்கிறது. கட்டிலின் கால் தரையில் ஊன்றி நிற்கிறது, முன்னால் அரையடி டைல்ஸும் தெரிகிறது. மேலே கூரை 12 அடி தூரத்தில்தான் சட்டத்துக்குள் நுழைகிறது. அதாவது பின்னால் 2 அடிக் கூரை மட்டும். போதும். விசிறியைக் காட்ட ஆசைப்படாதீர்கள். நடு அறையில் தொங்கும் விசிறி சட்டத்தின் மேல் விளிம்பில் பாதியாக வெட்டுப்படும், அல்லது இறக்கைகள் நீண்டு கத்தி போலத் தெரியும்.

மூன்றரை அடிக்கும் கீழே போனால் மெத்தையின் மேற்பரப்பு ஒரு கோடாகச் சுருங்கிவிடும், அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்று தெரியாது.

---

எதிர் அறை. அதே அளவு, ஆனால் கதவு மூலையில், கட்டில் எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி. இங்கே வராண்டா தந்திரம் பலிக்கவில்லை. பின்னால் போகப்போக நிலைக்கால் கட்டிலை மறைக்கிறது. முன்னால் வந்தால் கட்டிலின் வெளிமூலை 50 டிகிரிக்கும் மேலே விலகிப்போய் இழுபடுகிறது.

முழுக் கட்டிலையும் காட்டுவதை விட்டுவிட்டேன். வாசல் விளிம்பில் நின்று, தூரத்து மூலையை நோக்கிக் கேமராவைத் திருப்பி, கட்டிலின் கால்மாட்டைச் சட்டத்தின் ஓரத்தில் துணிந்து வெட்டினேன். முழங்கால் இருக்கும் இடத்திலிருந்து தலையணை வரை தெரிகிறது. வெட்டுப்பட்ட கட்டிலைப் பார்க்கிறவர் மீதியைத் தானே மனதில் நிரப்பிக்கொள்கிறார், சரியான அளவிலேயே நிரப்புகிறார். இழுபட்ட கட்டிலைப் பார்த்தால் அதை அப்படியே நம்பிவிடுகிறார். ஆகவே வெட்டுவதே நேர்மை.

மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் வாளியையும் வராண்டாவில் எடுத்து வைத்தேன். லென்ஸிலிருந்து 4 அடிக்குள் எந்தக் கன உருவமும் இருக்கக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி. அறையில் நாற்காலி உண்டு என்று காட்டியாக வேண்டுமானால் அதைக் கட்டிலுக்கு அப்பால் போடலாம்.

---

மேனேஜர் முதல் அறைப் படத்தைப் பார்த்துவிட்டு: "நல்லாருக்கு அண்ணா. ஆனா ஜன்னல் முழுசா வரலியே." அவர் சொல்வது நியாயம். 24 மிமீயில் பக்கச் சுவர் 6.7 அடி தூரத்திலிருந்துதான் சட்டத்துக்குள் வருகிறது. ஜன்னலின் முன் விளிம்பு அதற்கு முன்னாலேயே போய்விடுகிறது.

ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் இடமும் வலமும் நகர்த்தி இரண்டு படம் எடுத்து ஒட்டலாமே என்று உடன் வந்த பையன் கேட்டான். ஒட்டலாம். ஆனால் அப்படி ஒட்டிய படம் அதைவிட வைடான ஒரு லென்ஸில் எடுத்த படம்தான். ஓரத்தில் அதே tan, அதே இழுபடுதல். எதுவும் மிச்சமாகாது.

இதற்கு வேறு வழி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ரோமில் ஜொவான்னி பாவ்லோ பனினி என்ற ஓவியர் தேவாலயங்களின் உள்புறங்களை மிக விரிந்த கோணத்தில் வரைந்தார். அந்த ஓவியங்களில் ஓரங்கள் இழுபட்டுத் தெரிவதில்லை. அந்த மாதிரித் தோற்றத்தைத் தரும் ஒரு வரைமுறையைத் தாமஸ் ஷார்ப்லெஸ், புரூனோ போஸ்டில், டேனியல் ஜெர்மன் மூவரும் கணக்காக எழுதி 2010-இல் வெளியிட்டார்கள். பனினியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். Hugin என்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது.

அது செய்வது இது: செங்குத்துக் கோடுகள் நேராகவே நிற்கும். படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடுகளும் நேராகவே இருக்கும். மற்ற கிடைக்கோடுகள் கொஞ்சம் வளையும். பதிலுக்கு ஓரங்கள் சுருங்கும். நேராகப் பின்சுவரைப் பார்த்து, மட்டம் பிடித்து எடுத்த அறைப் படத்துக்கு இது அளந்து தைத்தது போல் பொருந்துகிறது. ஏனென்றால் தரையும் பக்கச் சுவரும் சேரும் கோடு, கூரையும் பக்கச் சுவரும் சேரும் கோடு, கட்டிலின் பக்கக் கோடு எல்லாமே நடுப்புள்ளியை நோக்கி ஓடுகின்றன. அவை எதுவும் வளையாது.

வாசல் விளிம்பிலிருந்து 16 மிமீயில் ஒரு படம் எடுத்தேன். Hugin-இல் நான் வைத்த அமைப்பு:

```
Lens type : Normal (rectilinear)
HFOV      : 96.7
Projection: Panini General
Cmpr 100   Tops 0   Bots 0
```

Cmpr என்பது சுருக்கத்தின் அளவு. 0 வைத்தால் சாதாரணப் படம், 100 வைத்தால் முழுப் பனினி. நடுப்பகுதியின் அளவு மாறாமல் விளிம்பு 1.125-லிருந்து 0.90-க்கு உள்ளே வந்தது, அதாவது 20 சதவீதம். ஜன்னல் முழுதாகத் தெரிந்தது, அகலமும் இயல்பாக இருந்தது.

விலை என்னவென்றால், பின்சுவரும் கூரையும் சேரும் கிடைக்கோடு. அது நடுப்புள்ளி வழியாகப் போகவில்லை, ஆகவே வளைந்தது. இரண்டு முனையும் நடுவைவிட 4 சதவீதம் தாழ்ந்தன. கேமராவுக்கு மேலே 6 அடி உயரத்தில் இருக்கும் கோடு, ஆகவே கிட்டத்தட்ட 3 அங்குல வளைவு. சாதாரணச் சுவரில் தெரியாமல் போகலாம். ஆனால் இந்த அறையில் கூரையை ஒட்டி நீலப் பட்டை அடித்திருக்கிறார்கள், பட்டை வில்லாகிக் காட்டிக்கொடுத்துவிட்டது. Tops என்ற அமைப்பைக் கூட்டினால் மேல்பாதிக் கிடைக்கோடுகள் நேராகும், ஆனால் கூட்டக்கூட மேல் மூலைகளில் மறுபடி இழுப்பு வரும். Cmpr-ஐ 60-க்குக் குறைத்து, Tops-ஐக் கொஞ்சம் கூட்டி, நீலப் பட்டையில் அடிக்கோல் வைத்துப் பார்த்துப் பார்த்து நிறுத்தினேன்.

அறையைச் சரிவாகப் பார்த்து எடுத்த படத்துக்குப் பனினி வேண்டாம். அதில் சுவர்க் கோடுகள் நடுப்புள்ளிக்கு ஓடுவதில்லை. எல்லாம் வளையும், சரிசெய்யவே முடியாது. எதிர் அறைப் படத்தில் போட்டுப் பார்த்தபோது பக்கச் சுவரின் மேல் விளிம்பு வில் போல் வளைந்தது.

முன்னால் இருக்கும் பொருளையும் இது சிறிதாக்காது. 2 அடியில் நாற்காலி இருந்தால் பனினியிலும் அது பெரிய நாற்காலிதான்.

---

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு. 0.5-ஐத் தொடாதீர்கள். போனின் பிரதான லென்ஸ் ஏறத்தாழ 24 முதல் 26 மிமீக்குச் சமம். அதை 1x-இல் வைத்து, கதவுக்கு வெளியே போய், மூன்றரை அடி உயரத்தில், படுக்கைவாட்டில், மட்டமாகப் பிடித்தால் மேலே சொன்ன முதல் படம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும். ஒரு ஸ்டூலின் மேல் அந்த உயரம் வரும்வரை செங்கல் அடுக்கி அதில் போனைச் சாய்க்காமல் நிறுத்தினாலே போதும். திருப்பதியில் ஒவ்வொரு லாட்ஜிலும் ரிசப்ஷன் பையனே இதைச் செய்துவிடலாம்.

---

குளியலறை. நாலுக்கு ஏழு. இதை ஒரே படத்தில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. கமோடு லென்ஸிலிருந்து 3 அடியில் இருக்கும், அது கன உருவம். எந்த லென்ஸ் போட்டாலும் அதுதான் படம் முழுக்க இருக்கும். நிமிர்வாட்டில் இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் கமோடும் குழாயும், மற்றதில் கீசரும் வாளியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன், ஒட்டச் சொல்லவில்லை.

---

கடைசியில் கணக்குப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. வராண்டாவிலிருந்து எடுத்த நல்ல படத்தில் தரை 7 அடி தூரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அதாவது வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கும் ஐந்தரை அடி இடத்தில் கடைசி அரையடி மட்டுமே படத்தில் இருக்கிறது. யாத்திரிகர்கள் முதலில் கேட்பதே அந்த இடத்தைப் பற்றித்தான்: "கீழே பாய் போடலாமா?"

அதற்காக இன்னொரு படம். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இரண்டரை அடிச் சந்தில் நின்று, கதவை நோக்கி, நிமிர்வாட்டில். கதவைத் திரும்ப மாட்டியாயிற்று. ஒரு ஓரத்தில் சுவர், மறு ஓரத்தில் கட்டிலின் பக்கப் பலகை, இரண்டும் தட்டை. தரை டைல்ஸ் தெளிவாக வரிசையாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் 2 அடி என்று தெரிந்தவர் எண்ணிக்கொள்ளலாம்.

தெரியாதவர்களுக்காக மேனேஜரிடம் ஒரு தாளில் அறையின் வரைபடம் போட்டுக் கொடுத்தேன், படங்களுக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லி. கட்டில் 5-க்கு 6½, பக்கத்தில் 2½, கால்மாட்டில் 5½ அடி, கதவு உள்ளே 3 அடி திறக்கிறது. இரண்டரை அடி அகல மெத்தை ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டை ஒட்டிக் குறுக்கே போட்டால் கதவுக்குச் சரியாக 3 அடி மிச்சம். இரண்டாவது மெத்தை போட்டால் கதவு திறக்காது. கட்டிலில் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை, கீழே ஒருவர். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அஞ்சு பேர்னு போர்டுல எழுதியிருக்கேன் அண்ணா. அதை நாலுன்னு மாத்திடறேன்."